ஏற்காட்டில் வாங்கிய சந்தன எண்ணெய் அசல்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மாபேட்டை சோப்புக்காரி

வீட்டிலேயே குளியல் சோப்பு செய்து, தெரிந்தவர்களுக்கு விற்று வருகிறேன். இதுவரை மஞ்சள், வேப்பிலை, ஆவாரம்பூ என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒருவர் தம் மகள் கல்யாணத் தாம்பூலப் பையில் வைக்கச் சந்தனச் சோப்பு கேட்கிறார். ‘அசல் சந்தன எண்ணெய் சேர்த்தது’ என்று அட்டையில் அச்சடித்தும் தர வேண்டுமாம். பொய்யை அச்சடிக்க எனக்கு மனமில்லை.

ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு கடையில் 10 மில்லி குப்பி 650 ரூபாய்க்கு வாங்கினேன். 100 மில்லியாக எடுத்தால் 5,500 ரூபாய்க்குத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். சேர்வராயன் மலை மரத்திலிருந்தே இறக்கிய எண்ணெய் என்று சத்தியம் செய்யாத குறை. மூடியைத் திறந்ததும் அறை முழுக்க மணக்கிறது. ஒன்றுதான் உறுத்துகிறது. இரவு மலையிலேயே தங்கினோம். விடிகாலையில் பார்த்தபோது குப்பிக்குள் எண்ணெய் லேசாகக் கலங்கியிருந்தது. சேலம் வந்து சேர்வதற்குள் தெளிந்துவிட்டது. பெரிய குப்பிக்குப் பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பனமரத்துப்பட்டி பாலா

இதற்கு ஏன் கவலை? இரண்டே சோதனை. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். அசல் என்றால் ஆவியாகித் தடமே இல்லாமல் போய்விடும். தடம் நின்றால் தேங்காய் எண்ணெய் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, குப்பியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். அசல் எண்ணெய் குளிரில் உறையும். உங்கள் எண்ணெய் மலைக்குளிரிலேயே கலங்கியிருக்கிறது. அதுவே நல்ல அறிகுறிதான், தைரியமாக வாங்குங்கள்.

பழைய ஊதுவத்திக்காரன்

பொறுங்கள் பாலா தம்பி, இரண்டையும் தலைகீழாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பெங்களூரில் ஊதுவத்திக்கு வாசனை கலக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன். இப்போது அஸ்தம்பட்டியில் ஓய்வாக இருக்கிறேன்.

தாள் சோதனை எலுமிச்சை, யூகலிப்டஸ் மாதிரி சட்டென்று பறக்கும் எண்ணெய்களுக்கு உரியது. சந்தன எண்ணெயின் உயிரே சந்தலால் என்ற சரக்கு. அது ஏறத்தாழ 300 டிகிரியில் கொதிப்பது, அவ்வளவு எளிதில் பறந்துவிடாது. அசல் எண்ணெய்கூட நாள்கணக்கில் தாளில் பசைபோல நிற்கும். இந்தச் சோதனையை நம்பினால் நல்ல எண்ணெயைத்தான் முதலில் கீழே கொட்டுவீர்கள். உறைவதும் அப்படியே. குளிரில் உறைவது ரோஜா எண்ணெயின் குணம். அதை யாரோ சந்தனத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சந்தன எண்ணெய் குளிரில் கெட்டியாகும், கண்ணாடிபோலத் தெளிவாகவே இருக்கும். கலங்கினால், உள்ளே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஏதோ இருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன்.

அம்மா, நீங்கள் எழுதியதிலேயே இன்னும் இரண்டு தடயங்கள் இருக்கின்றன. திறந்ததும் அறை முழுக்க மணக்கிறது என்கிறீர்கள். அசல் சந்தனம் அப்படிப் பாயாது. முதலில் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். தாளில் விட்டுவிட்டு மறுநாள் முகர்ந்து பார்த்தால்தான் அதன் பால்போன்ற இனிப்பு முழுதாக எழுந்து நிற்கும். எடுத்த எடுப்பில் பாய்வது பெரும்பாலும் ஆலையில் செய்த வாசனைச் சரக்கு.

அடுத்தது விலை. நல்ல வைரம் பாய்ந்த கட்டையில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்குதான் எண்ணெய் இறங்கும். ஐந்து என்று வைத்தால், உங்கள் 10 மில்லிக்கு ஏறக்குறைய 200 கிராம் கட்டை வேண்டும். வைரக்கட்டை கிலோ 7,000 ரூபாய் என்றே கணக்குப் போடுங்கள், கட்டைக்கு மட்டும் 1,400 ரூபாய் ஆகிறது. காய்ச்சும் கூலி, குப்பி, கடை வாடகை எல்லாம் அதற்கு மேல். 650 ரூபாய்க்குக் கொடுப்பவர் தருமம் செய்கிறாரா?

வாழப்பாடி வள்ளி

நானும் சந்தனாதித் தைலம் வாங்கித்தான் தலைக்குத் தேய்க்கிறேன். 200 மில்லி சில நூறு ரூபாய்தான். சூடு நன்றாகத் தணிகிறது. பச்சையாக எள்ளெண்ணெய் வாசம் வருகிறதே, அதுவும் கலப்படமா?

பழைய ஊதுவத்திக்காரன்

இல்லை அம்மா, அது வேறு மருந்து. நல்லெண்ணெயில் சந்தனமும் மற்ற மூலிகைகளும் போட்டுக் காய்ச்சுவது. எள் வாசம் வரத்தான் செய்யும். நீங்கள் பாட்டுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு கட்டையிலிருந்து நீராவியில் வடிக்கும் எண்ணெயைப் பற்றி.

காபித்தோட்டத்தான்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ‘சேர்வராயன் மலை மரத்து எண்ணெய்’ என்று எவர் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. என் பட்டா நிலத்து வேலியோரம் சந்தன மரங்கள் தாமாகவே முளைத்து நிற்கின்றன. 2002இல் சட்டம் திருத்தியதிலிருந்து அவை நிலக்காரனுக்குச் சொந்தம். ஆனாலும் வெட்டவும் விற்கவும் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். ஏரிக்கரைக் கடைக்காரர் மலையில் மரம் வெட்டி எண்ணெய் இறக்குகிறார் என்றால் ஒன்று அது பொய், இல்லையென்றால் போலீஸ் கேஸ். இரண்டில் எதுவானாலும் அவரிடம் வாங்க வேண்டாம்.

எனக்கும் ஒரு கேள்வி. என் மரங்களில் சில பன்னிரண்டு, பதின்மூன்று வயதானவை. அவற்றில் எண்ணெய் இருக்குமா?

பழைய ஊதுவத்திக்காரன்

அந்த வயதில் நடுவில் வைரம் கட்ட ஆரம்பித்திருக்கும், அவ்வளவுதான். வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டையில் வாசனையே கிடையாது. மரத்தின் பருமனைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். அந்தப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சோப்புக்கார அம்மா, உங்கள் வீட்டில் அல்லது தெருவில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர் யாராவது உண்டா? சேலத்தில் இல்லாமல் இருக்காது. கொலுசு நிறுக்கும் தராசு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கழுத்தில் கோடு போடுங்கள். காலியாக நிறுங்கள். கோடு வரை காய்ச்சி வடித்த நீர் ஊற்றி நிறுங்கள். மறுபடி நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை எண்ணெய் ஊற்றி நிறுங்கள். எண்ணெயின் எடையை நீரின் எடையால் வகுங்கள். ஐ.எஸ்.ஓ. 3518 என்ற தர அளவின்படி, 20 டிகிரியில் இது 0.968க்கும் 0.983க்கும் நடுவில் வர வேண்டும். நம் ஊர் வெயிலில் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் 0.92 சுற்றி நிற்கும். திரவப் பாரஃபின் இன்னும் இலேசு, 0.85 அளவில். டி.இ.பி. என்று எங்கள் ஊதுவத்தித் தொழிலில் டின் டின்னாக ஊற்றுவோமே, அது 1.12. தண்ணீரைவிடக் கனம்.

பன்னீர் ரோஜா

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். அதே ஏரிக்கரையில் ‘ஏற்காடு ரோஜா எண்ணெய்’ என்று 200 ரூபாய்க்கு விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லுங்கள் ஐயா.

பழைய ஊதுவத்திக்காரன்

ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் பூ வேண்டும். அதுவும் நம் பன்னீர் ரோஜா வகை. ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் போகும் பூ அழகுக்குத்தான், வடித்தால் ஒன்றும் வராது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பாலா தம்பி சொன்ன குளிர்ச் சோதனை இங்கேதான் பொருந்தும்: அசல் ரோஜா எண்ணெயில் மெழுகு இருப்பதால் 20 டிகிரியை ஒட்டியே பளபளவென்று இழை இழையாகப் படியும், கையில் வைத்தால் இளகிவிடும். மார்கழியில் ஏற்காட்டில் அது பகலிலேயே தெரியும். ஆனால் மெழுகைத் தனியாகச் சேர்த்து உறையவைக்கவும் ஆட்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் செய்யும் ரோஜா அத்தர் வேறு சங்கதி. பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிப்பது பழைய முறை, ஆகவே அது உறையாமல் இருந்தாலும் குற்றமில்லை. இன்று சந்தனத்துக்குப் பதில் பாரஃபினில் பிடிப்பதும் நடக்கிறது.

அம்மாபேட்டை சோப்புக்காரி

அண்ணன் பட்டறையிலேயே நிறுத்துவிட்டோம். காலிக் குப்பி 16.42 கிராம். நீரோடு 21.47. எண்ணெயோடு 21.36. அதாவது நீர் 5.05, எண்ணெய் 4.94. வகுத்தால் 0.978 வருகிறது. நீங்கள் சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறது ஐயா! கடைக்காரரிடம் கேட்டதற்கு ஆய்வக அறிக்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஆல்ஃபா சந்தலால் 47, பீட்டா சந்தலால் 20 என்று போட்டிருக்கிறது.

பனமரத்துப்பட்டி பாலா

நான் அப்போதே சொன்னேன். தாள், குளிர் எல்லாம் எப்படியோ போகட்டும், தராசு பொய் சொல்லாது. அறிக்கையும் இருக்கிறது. மலிவாகத் தருபவர் எல்லாரும் திருடர் இல்லை ஐயா. இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக வாங்கியிருப்பார்.

பழைய ஊதுவத்திக்காரன்

தராசு பொய் சொல்லாது, ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். கனமானதையும் இலேசானதையும் அளந்து கலந்தால் நடுவில் வேண்டிய எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தலாம். கலப்படம் செய்பவரிடமும் தராசு இருக்கிறது. 0.92 வந்திருந்தால் ‘தூக்கி எறியுங்கள்’ என்று அன்றே சொல்லியிருப்பேன். 0.978 வந்ததால் அசல் என்று சொல்ல முடியாது.

அந்த அறிக்கை நல்ல எண்ணெயின் அறிக்கைதான். ஆல்ஃபா 41 முதல் 55 வரை, பீட்டா 16 முதல் 24 வரை இருக்கலாம் என்பது அளவு. ஆனால் அது உங்கள் குப்பியின் அறிக்கையா? அதில் உள்ள தொகுதி எண் குப்பியில் இருக்கிறதா? தேதி என்ன?

அம்மாபேட்டை சோப்புக்காரி

குப்பியில் தொகுதி எண்ணே இல்லை. அறிக்கையின் தேதி இரண்டு வருடம் பழையது. யார் பெயருக்குக் கொடுத்தது என்ற இடத்தை வெள்ளைத்தாள் வைத்து மறைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

பழைய ஊதுவத்திக்காரன்

அப்படியானால் அது யாரோ ஒருவருடைய ஜாதகம். கன்னோசியில் மத்திய அரசின் வாசனைப் பொருள் மேம்பாட்டு மையம் இருக்கிறது. எண்ணெயைச் சோதித்து அறிக்கை தருவார்கள். சில மில்லி போதும். எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜி.சி. பரிசோதனை என்று கேளுங்கள். கல்யாண ஆர்டருக்கு 100 மில்லி வாங்கி ஏமாறுவதைவிடப் பரிசோதனைக் கட்டணம் மேல்.

போகிற போக்கில் இன்னொன்று. ஒரு பங்கு எண்ணெய்க்கு ஐந்து பங்கு 70 சதவீத எத்தனால் என்ற கணக்கில் கலந்தால் சந்தன எண்ணெய் தெளிவாகக் கரைந்துவிட வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் யாரையாவது தெரிந்தால் செய்து பாருங்கள். கை கழுவும் திரவத்தில் செய்யாதீர்கள். அதில் கிளிசரினும் வேறு ஏதேதோவும் இருக்கும்.

அம்மாபேட்டை சோப்புக்காரி

அறிக்கை வந்துவிட்டது. கன்னோசிக்கு அனுப்பவில்லை, தெரிந்தவர் வழியாக ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தோம். ஆல்ஃபா சந்தலால் 24, பீட்டா சந்தலால் 10, டை எத்தில் தாலேட் 25, ஐசோபோர்னைல் சைக்ளோஹெக்சனால் 25. மீதி எல்லாம் சின்னச் சின்னதாக நிறைய பெயர்கள். இதை எப்படிப் படிப்பது? பாதிக்குப் பாதி அசலா?

பழைய ஊதுவத்திக்காரன்

சோதித்தது நல்லதாகப் போயிற்று. முதலில் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். 24க்கு 10. அசலில் 48க்கு 20 இருந்தால் என்ன விகிதமோ அதே விகிதம். ஆக உள்ளே உண்மையான சந்தன எண்ணெய் இருக்கிறது, பாதியாக நீர்த்திருக்கிறது. விலை குறைந்த ஆஸ்திரேலியச் சந்தனத்தையோ, அமைரிஸ் என்ற வேறு மரத்து எண்ணெயையோ கலந்திருந்தால் இந்த விகிதமோ மீதிப் பெயர்களோ மாறியிருக்கும்.

டை எத்தில் தாலேட்தான் நான் சொன்ன டி.இ.பி. அதற்கு வாசனை இல்லை, அளவைக் கூட்டுவதற்காகச் சேர்ப்பது. அந்த நீளப் பெயர்க்காரர் ஆலையில் செய்த சந்தன வாசனை. உங்கள் அறையை நிறைத்தவர் அவர்தான். நீர்த்ததால் குறைந்த மணத்தை ஈடுகட்டச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. இந்த அறிக்கையை அப்படியே நம்பினால் எண்ணெயின் எடை என்ன வர வேண்டும்? பாதிச் சந்தனம் 0.975, கால் பங்கு டி.இ.பி. 1.12, மீதிக் கால் பங்கு சந்தனத்தை ஒட்டிய எடை. சேர்த்தால் 1.01 சுற்றி வர வேண்டும், அதாவது தண்ணீரைவிடக் கனம். உங்கள் அண்ணன் தராசு 0.978 என்றது. எங்கிருந்து குறைந்தது?

ஜி.சி. கருவியில் எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கித்தான் பிரிக்கிறார்கள். ஆவியாகாதது உள்ளேயே தங்கிவிடும், அறிக்கையில் பெயரே வராது. வெளியே வந்தவற்றை மட்டும் கூட்டி நூறு என்று பங்கு போடுகிறது. ஆமணக்கு எண்ணெய், கனமான பாரஃபின் எல்லாம் இப்படித்தான் தப்பிவிடும். 0.85 எடையுள்ள பாரஃபின் ஐந்தில் ஒரு பங்கு இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். சரியாக 0.978இல் வந்து நிற்கும். டி.இ.பி.யால் கூடிய கனத்தைப் பாரஃபினால் இறக்கியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் உண்மையான சந்தனம் பாதி இல்லை, நூற்றுக்கு 40தான்.

மலைக்குளிரில் கலங்கியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். டி.இ.பி.யும் பாரஃபினும் நல்ல நண்பர்கள் இல்லை. சந்தனம் நடுவில் இருந்து சேர்த்துவைத்திருக்கிறது. குளிர்ந்ததும் பிரியப் பார்க்கிறது.

பனமரத்துப்பட்டி பாலா

பாரஃபினை யாரும் பார்க்கவில்லையே ஐயா, கணக்கில்தானே வந்தது. கோடு போட்டதில் ஒரு முடி அளவு பிசகியிருந்தாலும் எடை மாறுமே?

பழைய ஊதுவத்திக்காரன்

நியாயமான கேள்வி. 5 மில்லிக் குப்பியில் கோடு பிசகினால் இரண்டாவது தசமம் வரை ஆடும். அதனால்தான் எத்தனால் சோதனையும் செய்யச் சொன்னேன்.

அம்மாபேட்டை சோப்புக்காரி

சித்தி மகள் வேதியியல் படிக்கிறாள். அவள் பேராசிரியரிடம் அனுமதி வாங்கிச் செய்து பார்த்தாள். பால்போல வெளுத்துவிட்டதாம். சோதனைக் குழாயை நிறுத்தி வைத்ததும் மேலே கண்ணுக்குத் தெரியும்படி சின்னச் சின்னத் துளிகளாகத் திரண்டு மிதந்திருக்கிறது. படம் அனுப்பினாள்.

பழைய ஊதுவத்திக்காரன்

சந்தன எண்ணெய் என்றால் கரைந்திருக்கும். டி.இ.பி. பிரிந்தாலும் கனத்தால் கீழே போயிருக்கும். மேலே மிதப்பது இலேசான பாரஃபின்தான்.

பனமரத்துப்பட்டி பாலா

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எல்லாரும் இவ்வளவு தூரம் போக முடியுமா? சாதாரண ஆள் என்ன செய்வது?

பழைய ஊதுவத்திக்காரன்

சாதாரண ஆள் 100 மில்லி வாங்க வேண்டியதில்லை. இரண்டு மில்லி, ஐந்து மில்லி போதும். மைசூரில் 1916இலிருந்து எண்ணெய் வடிக்கும் கர்நாடக அரசு ஆலை இருக்கிறது. அவர்கள் கடையில் முத்திரையோடு வாங்கலாம். விலையைப் பார்த்து மயக்கம் வரும், ஆனால் எது என்ன விலை விற்க வேண்டும் என்பதற்கு அது ஓர் அளவுகோல். மூக்குக்கும் அதுதான் பாடம். அந்தக் குப்பியை வைத்துக்கொண்டால் வேறு எதை முகர்ந்தாலும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

தொழிலுக்கு வாங்குகிறவர் தனியார் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘நான் வாங்கும் தொகுதியிலிருந்தே மாதிரி எடுத்து நான் சொல்லும் ஆய்வகத்துக்கு அனுப்புவேன், சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வாயா? ரசீதில் சாண்டலம் ஆல்பம் என்று தாவரப் பெயரும் தொகுதி எண்ணும் எழுதித் தருவாயா?’ நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார். அவரும் கட்டை வாங்கும்போது இதைத்தான் கேட்டிருப்பார்.

அம்மாபேட்டை சோப்புக்காரி

ஏரிக்கரைக் கடைக்காரரிடம் இதையே கேட்டேன். ‘நம்பிக்கை இல்லாதவர்களுக்கு விற்பதில்லை’ என்று எழுதிவிட்டு என் எண்ணையே தடுத்துவிட்டார்.

காபித்தோட்டத்தான்

ஐயா, என் கேள்வியைப் பிறகு பேசலாம் என்றீர்கள். பதினைந்து வயது மரத்தை வனத்துறை வழியாகவே விற்று, முறையாக எண்ணெய் வடித்தால் ஆல்ஃபா 41க்குக் கீழே வர வாய்ப்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். ஒரு சொட்டுக் கலப்படம் இல்லாவிட்டாலும் அதைத் தரம் குறைந்தது என்று தள்ளிவிடுவார்களா? காட்டில் முற்றிய கிழட்டு மரங்களை வைத்துப் போட்ட அளவுகோலைத் தோட்டத்து மரத்துக்கு வைப்பது எந்த ஊர் நியாயம்?

பழைய ஊதுவத்திக்காரன்

தள்ளத்தான் வேண்டும் என்பேன். கலப்படம் இல்லை என்பது வேறு, தரம் இருக்கிறது என்பது வேறு. வைரம் முற்றாத மரத்தின் எண்ணெயை முற்றிய மரத்தின் விலைக்கு வாங்குகிறவர் ஏமாந்தவர்தானே? தனிப் பெயரில், தனி விலையில் விற்றுக்கொள்ளுங்கள்.

காபித்தோட்டத்தான்

தனிப் பெயர் வைத்தால் வாங்குகிறவர் ‘கலப்படம்’ என்றுதான் படிப்பார். இனி வரப்போகும் எண்ணெயில் பெரும்பகுதி தோட்டத்து மரத்திலிருந்துதான் வரும். அப்போது அளவுகோலை மாற்றத்தானே போகிறார்கள்? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மாபேட்டை சோப்புக்காரி

நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். கல்யாண வீட்டில் கணக்கைக் காட்டிவிட்டேன். 300 சோப்புக்கும் அசல் எண்ணெய் போட்டால் தாம்பூலப் பை தேங்காயைவிடச் சோப்பு விலை கூடிவிடும் என்று பெண்ணின் அப்பாவே சொல்லிவிட்டார். அட்டையில் ‘சந்தன மணம்’ என்று மட்டும் போடுகிறோம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் தனியாக நான்கு சோப்பு, அதற்கு மைசூர்க் குப்பி ஒன்று வாங்கப் போகிறேன். சோப்பில் போடும்போது காரத்தில் மணம் கெடாமல் இருக்க எந்த நிலையில் சேர்க்க வேண்டும் என்று யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.